‘பணம் போச்சு’ என்று கத்துகிறார் வாடிக்கையாளர்: டிக்கெட்டில் ஒரு கட்டத்தையும் விடாமல் அவரை அமைதிப்படுத்துவது எப்படி?

இரவு 9.31 மணி. ஒரு வங்கியின் மோசடிப் புகார் பிரிவில் அழைப்பு வருகிறது. எடுப்பவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த இளம்பெண். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். மறுமுனையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கும் 50 வயதுக்காரர்.

“ஏம்மா, என் பணம் எல்லாம் போயிருச்சு! நாப்பத்தாறாயிரம்! நீங்கள்லாம் என்னத்த பாத்துக்கிட்டு இருக்கீங்க?”

அவர் குரல் நடுங்குகிறது. பின்னால் அவர் மனைவி ஏதோ சொல்ல, அவரையும் சேர்த்துத் திட்டுகிறார். இந்தப் பெண்ணின் திரையில் ஒரு டிக்கெட் திறந்திருக்கிறது. அடையாளச் சோதனை, கார்டு முடக்கம், எந்தெந்தப் பரிவர்த்தனை, எப்படி நடந்தது, புகார் வந்த நேரம் என நிரப்ப வேண்டிய கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. எதிரில் இருப்பவரோ ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

இந்த அழைப்பு, விளக்குவதற்காக நாம் உருவாக்கிய எடுத்துக்காட்டு. ஆனால் இதில் வரும் விதிகளும் கெடுக்களும் உண்மையானவை. கால் சென்டர் வேலையில் இருப்பவருக்கும், நாளை இதே மாதிரி அழைக்க நேரலாம் என்ற நிலையில் இருக்கும் நமக்கும் அவை தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அமைதியா, முதலில் டிக்கெட்டா?

வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். சிலர் வாடிக்கையாளர் கொட்டித் தீர்க்கட்டும் என்று ஆறேழு நிமிடம் “ம்... ம்...” சொல்லிக் கேட்பார்கள். சிலர் அவர் பேச்சை வெட்டி, “சார், உங்க பிறந்த தேதி சொல்லுங்க” என்று முதல் கட்டத்தில் நிற்பார்கள். முதல் வழியில் நேரம் போகிறது. இரண்டாவதில் ஆள் இன்னும் சூடாகிறார்.

மோசடிப் புகாரில் நேரம் போவது என்றால் பணம் போவது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் யார் நஷ்டத்தை ஏற்பது என்று வரையறுத்தது. அதன் சாரம் இதுதான்:

வங்கியின் குறைபாட்டால் பணம் போயிருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கி மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கும் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாள் ஆனால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் ரூ.10,000 வரை அவர் ஏற்க வேண்டும். அதற்கும் மேல் தாமதித்தால், அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

வாடிக்கையாளரின் கவனக்குறைவு, உதாரணமாகக் கார்டு விவரத்தை அவரே பகிர்ந்துவிட்டது, காரணமாக இருந்தால்? புகார் செய்யும் வரை போன பணம் அவர் தலையில். புகார் செய்த பிறகு போகும் பணம் வங்கியின் தலையில்.

‘புகார் வந்த நேரம்’ என்ற கட்டம் வெறும் சம்பிரதாயம் இல்லை என்பது இதிலிருந்து புரியும். அந்தக் கட்டத்தில் விழும் நிமிடம்தான் நஷ்டத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடு. கத்தி முடிக்கட்டும் என்று டிக்கெட்டைப் பதிவு செய்யாமல் காத்திருக்கும்போது அந்தக் கோடு பின்னால் தள்ளிப்போகிறது. இடையில் இன்னொரு ரூ.20,000 போனால், அது கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதே தகராறாகிவிடும்.

ஆகவே, அமைதிப்படுத்துவதையும் கட்டங்களை நிரப்புவதையும் இரண்டு வேலையாகப் பார்த்தால் இரண்டும் கெடும். கட்டத்தை நிரப்புவதையே அவர் காதில் ‘நமக்காக ஏதோ நடக்குது’ என்று விழ வைப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

முதல் 20 விநாடி: என்ன சொல்லக்கூடாது?

“அமைதியா இருங்க சார்” என்று சொல்லக்கூடாது. அது உத்தரவு போலக் காதில் விழும். ‘என் பணம் போயிருக்கு, இவங்களுக்கு என் சத்தம்தான் பிரச்னை’ என்று அவர் நினைப்பார். “உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது” என்ற பாடம் செய்த வரியும் எடுபடாது. நூறு பேரிடம் சொல்லும் வரி என்பது கேட்பவருக்குத் தெரியும்.

நம் எடுத்துக்காட்டில் அந்தப் பெண் சொல்வது இது:

“சார், நாப்பத்தாறாயிரம் போயிருக்குன்னு சொல்றீங்க. மேற்கொண்டு ஒரு ரூபா போகாம இப்பவே கார்டை நிறுத்துறேன். அதுக்கு ரெண்டே ரெண்டு விஷயம் கேக்கணும்.”

இதில் மூன்று பாகம் இருக்கிறது. அவர் சொன்ன தொகையையே திருப்பிச் சொன்னதால், கேட்டுவிட்டார் என்பது தெரிகிறது. அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பது தெரிகிறது. கேள்வி எதற்காக என்பதும் கேள்விக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பிறந்த தேதி கேட்டால் எரிந்து விழுபவரும், ‘கார்டை நிறுத்த’ என்ற காரணம் முன்னால் வந்தால் பெரும்பாலும் பதில் சொல்லிவிடுவார்.

“நம்ம ஊரா?” என்ற வலை

அவர் ஊரைச் சொன்னதும் இந்தப் பெண்ணுக்கு வாயில் வந்துவிடும்: “நானும் ராஜபாளையம்தான் சார்.” இரண்டு ஊருக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சொன்னதுமே மறுமுனையில் குரல் இறங்கும். “அப்படியாம்மா, நம்ம பக்கத்துப் பொண்ணா” என்பார். அமைதிப்படுத்த இது நல்ல வழிதான்.

ஆனால், அடுத்த விநாடியே சிக்கல் வரும். “அப்புறம் என்னம்மா கேள்வி? நான் பொய்யா சொல்லப் போறேன்? ஆண்டாள் கோயில் பக்கத்துல யாரக் கேட்டாலும் என்னத் தெரியும்.” இந்த இடத்தில் அடையாளச் சோதனையைத் தாவிவிடத் தோன்றும். தாவினால், வங்கித் தரச்சோதனையில் அது மன்னிக்க முடியாத பிழை. மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்த அழைப்புக்கு மதிப்பெண் கிடைக்காது. மதிப்பெண்ணை விடப் பெரிய காரணமும் உண்டு. ஊர்ப் பேச்சும், அவசரமும், அழுகையும் மோசடிக்காரருக்கும் வரும். வாடிக்கையாளர் போல நடித்துக் கணக்கு விவரம் கேட்பவர்களும் இதே எண்ணுக்குத்தான் அழைக்கிறார்கள்.

சொல்ல வேண்டியது: “உங்களை நம்பாம கேக்கல சார். உங்க பேரைச் சொல்லிக்கிட்டு வேற ஒருத்தர் கூப்பிட்டாலும் நான் இதையேதான் கேப்பேன். அப்பத்தான் உங்க கணக்கு பத்திரமா இருக்கும்.” ஊர் நெருக்கத்தை விட்டுக்கொடுக்காமலே கேள்விக்கு வந்துவிடலாம்.

எதைக் கேட்கக்கூடாது என்பதும் இங்கேயே தெரிய வேண்டும். பின் எண், ஓடிபி, கார்டின் பின்பக்கமுள்ள சிவிவி எண் ஆகிய மூன்றையும் எந்த வங்கி ஊழியரும் வாய்வழியாகக் கேட்க மாட்டார். கேட்டால் அது வங்கி இல்லை.

போன் மாறினால் கட்டமும் மாறும்

இந்த அழைப்பில் இன்னொரு முடிச்சு. அவர் பேசுவது மனைவியின் போனில். காரணம் கேட்டால் கதை வெளியே வருகிறது. மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெயரின் முடிவில் .apk என்று இருந்தது. தொட்டதும் ஏதோ செயலி இறங்கியது. குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். பிறகு கார்டு எண்ணும் விவரமும் கேட்டது, அதையும் போட்டார். அதன்பின் போன் தானாகவே ஏதோ செய்கிறது என்று பயந்து, மனைவியின் போனை எடுத்துவிட்டார்.

பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். .apk என்பது ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு. குறுஞ்செய்தி அனுமதி கிடைத்துவிட்டால், வரும் ஓடிபியை அந்தச் செயலி எடுத்து வேறு இடத்துக்கு அனுப்பிவிட முடியும். அதனால்தான் “நான் ஓடிபி யார்கிட்டயும் சொல்லல” என்று அவர் சத்தியம் செய்வது உண்மையாகவே இருக்கலாம்.

இங்கே வழக்கமான நடைமுறைகள் இரண்டு உதைக்கும். ஒன்று, அடையாளம் பார்க்க அவர் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பினால், அதையும் அந்தச் செயலியே படித்துவிடும். இரண்டு, டிக்கெட் எண் குறுஞ்செய்தியாகப் போகும் இடமும் அந்தப் போன்தான்.

ஆகவே அந்தப் பெண் வரிசையை இப்படி அமைக்கிறார். “சார், அந்தப் போனை ஏரோபிளேன் மோடுல போடுங்க. வைஃபை எரிஞ்சா அதையும் அணைங்க. இந்தப் போன்லயே பேசுங்க.” பிறகு ஓடிபி இல்லாமல், வங்கி அனுமதித்த மாற்றுக் கேள்விகள் மூலம் அடையாளம் பார்க்கிறார். கார்டை முடக்குகிறார். இணைய வங்கிச் சேவையையும் நிறுத்துகிறார். நேரம் 9.34.

செய்ததை உடனே வாய்விட்டுச் சொல்வது முக்கியம்: “கார்டை நிறுத்திட்டேன் சார். மணி 9.34. இனி அந்தக் கார்டுல பணம் எடுக்க முடியாது.” அவர் முதல் தடவையாக மூச்சு விடும் இடம் இதுதான். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. முடிந்த வேலையையும் மணியையும்தான் சொன்னார்.

தட்டச்சு செய்யும்போது மௌனமாக இருக்காமல், “எழுதிக்கிட்டு இருக்கேன் சார், ஒரு நிமிஷம்” என்று சொல்வதும் இதே வகைதான். போனில் அமைதி நீண்டால், வைத்துவிட்டார்கள் என்று நினைத்து மறுபடி கத்தத் தொடங்குவார்.

நாற்பத்தாறா, நாற்பதா?

அடுத்த கட்டம்: எந்தெந்தப் பரிவர்த்தனை? திரையில் மூன்று பற்றுகள் தெரிகின்றன. 9.05-க்கு ரூ.6,200. 9.18-க்கு ரூ.20,000. 9.26-க்கு ரூ.20,000. மொத்தம் ரூ.46,200. அவர் சொன்ன ‘நாற்பத்தாறாயிரம்’ சரியாக வருகிறது. அப்படியே எழுதிவிடலாமா?

கூடாது. ஒவ்வொன்றாக வாசித்து, “இது நீங்க பண்ணதா?” என்று கேட்க வேண்டும்.

“9.05-க்கு ஆறாயிரத்து இருநூறு சார்?”

சிறு அமைதி. “அது... பால்காரருக்கு நான் போட்டதும்மா.”

கையிருப்பு எவ்வளவு குறைந்தது என்று பார்த்து அவர் கணக்குப் போட்டிருக்கிறார். பதற்றத்தில் யாரும் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் அவரே செய்த ஒரு பரிவர்த்தனை புகாருக்குள் போய்விட்டால், விசாரிப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். மற்ற இரண்டின் மீதும் சந்தேகம் விழும். பால்காரருக்குப் போன பணத்துக்கும் வீண் தொல்லை. சரியான டிக்கெட்டில் ரூ.20,000 வீதம் இரண்டு வரி, மொத்தம் ரூ.40,000, ஒவ்வொன்றுக்கும் நேரமும் பரிவர்த்தனை எண்ணும் இருக்கும்.

இந்தக் கட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒவ்வொரு தொகையாக ஆம், இல்லை என்று சொல்லும்போது அவர் மனம் ‘எல்லாம் போச்சு’ என்பதிலிருந்து ‘இந்த ரெண்டு போயிருக்கு’ என்ற இடத்துக்கு வருகிறது. எண்ண முடிந்த நஷ்டத்தைப் பற்றிப் பேச முடியும்.

மிகக் கடினமான கட்டம்: ‘எப்படி நடந்தது?’

இங்கே இரண்டு பக்கமும் வழுக்கும். “ஏன் சார் தெரியாத லிங்க்க தொட்டீங்க?” என்று கேட்டால், அதுவரை செய்தது எல்லாம் வீண். அவர் வெட்கத்தில் பாதியை மறைப்பார். மறைத்தது பிறகு வெளியே வந்தால் அவர் சொன்ன மீதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மறுபக்கம், பாவம் பார்த்து ‘கார்டு விவரம் போட்டார்’ என்பதை எழுதாமல் விடத் தோன்றும். அதுவும் தவறு. அந்த விவரம் விசாரணையில் எப்படியும் வரும். டிக்கெட்டில் இல்லாமல் போனால் வாடிக்கையாளர் பொய் சொன்னது போலாகும்.

தீர்ப்புச் சொல் எதுவும் இல்லாமல், நடந்ததை நடந்த வரிசையில், அவர் சொன்னபடி எழுத வேண்டும். ‘வாடிக்கையாளரின் அலட்சியம்’ என்று எழுதினால் அது முடிவு. எழுதும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இல்லை. அதற்குப் பதிலாக: ‘வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழ்க் கோப்பைத் திறந்தார். செயலி நிறுவப்பட்டது. குறுஞ்செய்தி அனுமதி தந்தார். அதில் கார்டு விவரம் பதிந்தார். ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை என்கிறார். 9.26-க்குப் பின் சந்தேகம் வந்து 9.31-க்கு அழைத்தார்.’

வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் கடமை வங்கியுடையது என்று அந்த 2017 சுற்றறிக்கை சொல்கிறது. எனவே அலட்சியமா இல்லையா என்று பின்னால் ஒருவர் ஆராயப் போகிறார். அவர் கையில் இருக்கப் போவது இந்த ஆறு வாக்கியம்தான். எழுதியதை அவருக்கே ஒருமுறை வாசித்துக் காட்டினால் நல்லது. “ஆமாம்மா, அப்படித்தான் நடந்துச்சு” என்று அவர் சொல்லும்போது டிக்கெட்டும் சரியாகிறது, தன் பக்கத்தை ஒருவர் கேட்டுவிட்டார் என்ற நிம்மதியும் அவருக்கு வருகிறது.

எதை வாக்குக் கொடுப்பது?

“பணம் திரும்பி வருமாம்மா?” கடைசியில் வரும் கேள்வி இதுதான். “கண்டிப்பா வந்துரும் சார்” என்று சொல்லிவிட்டால் அழைப்பு இனிமையாக முடியும். அடுத்த வாரம் அவர் இரண்டு மடங்கு கோபத்துடன் அழைப்பார். அப்போது எடுப்பவர் வேறொருவர்.

முடிவை வாக்குக் கொடுக்க முடியாது. தேதியைச் சொல்ல முடியும். சுற்றறிக்கைப்படி, புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் சர்ச்சைக்குரிய தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடித்து, பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டும். தற்காலிக வரவு இறுதி முடிவு ஆகாது. கார்டு விவரம் அவரே பதிந்த இந்த மாதிரி வழக்கில், விசாரணை அவருக்கு எதிராகவும் போகலாம். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும்:

“சார், பணம் வரும், வராதுன்னு நான் சொன்னா அது பொய்யாயிரும். விசாரணைக்கு அப்புறம்தான் தெரியும். ஆனா, நீங்க 9.31-க்கே சொன்னதும், கார்டை நிறுத்துனதும் பதிவாயிருக்கு.”

அடுத்து, அவர் உடனே செய்ய வேண்டிய ஒன்று. 1930 என்ற தேசிய சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்ல வேண்டும். அங்கே பதிவாகும் புகார், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் கட்டண நிறுவனத்துக்கும் அனுப்பப்படும். பணம் இன்னும் வெளியேறாமல் இருந்தால் அங்கேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் நாளைக் காலை வரை தள்ளக்கூடாது. cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிய வேண்டும். 1930-ல் தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கேட்பார்கள். அவர் போன் ஏரோபிளேன் மோடில் இருப்பதால், இரண்டு பரிவர்த்தனை எண்களையும் இந்தப் பெண்ணே மெதுவாக வாசிக்கிறார். அவர் கடை பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொள்கிறார்.

டிக்கெட் எண்ணும் அப்படியே. குறுஞ்செய்தி வந்துவிடும் என்று விடாமல், எழுதச் சொல்லி, திருப்பிப் படிக்கச் சொல்கிறார். ஒரு இலக்கம் மாறியிருக்கிறது. திருத்துகிறார்கள். மணி 9.47.

வாடிக்கையாளராக நாம் கேட்க வேண்டியவை

மறுமுனையில் நாம் இருந்தால்? கோபப்பட உரிமை உண்டு. ஆனால் போனை வைக்கும் முன் நான்கு விஷயம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்: டிக்கெட் எண், புகார் பதிவான நேரம், எந்தெந்தச் சேவை முடக்கப்பட்டது என்ற உறுதி, புகாரில் சேர்த்த ஒவ்வொரு தொகைக்கும் பரிவர்த்தனை எண். ‘எப்படி நடந்தது’ என்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை வாசித்துக் காட்டவும் கேட்கலாம்.

3 வேலை நாள் கணக்கு, வங்கியின் தகவல் வந்த நாளைச் சேர்க்காமல், உங்கள் கிளையின் வேலை நாட்களை வைத்துப் பார்க்கப்படும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரரின் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். கார்டு விவரம் எதையும் அவர் தராமல், வேறெங்கோ இருந்த ஓட்டையால் இதே இரண்டு பரிவர்த்தனையும் நடந்திருந்து, அவர் ஐந்தாவது வேலை நாளில் சொல்லியிருந்தால், ஒன்றுக்கு ரூ.10,000 வீதம் ரூ.20,000 வரை அவர் ஏற்க வேண்டியிருக்கும். மூன்று நாளுக்குள் சொல்லியிருந்தால் பூஜ்ஜியம்.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். தகவலுக்கு 14448 என்ற எண். அங்கேயும் முதலில் கேட்பது, வங்கியில் எப்போது புகார் செய்தீர்கள் என்பதைத்தான்.

நம் எடுத்துக்காட்டில் 16 நிமிட அழைப்பு முடிகிறது. அந்தப் பெண் ஹெட்செட்டைக் கழற்றும் முன் டிக்கெட்டை ஒருமுறை மேலிருந்து கீழே பார்க்கிறார். ரூ.46,200 இல்லை, ரூ.40,000. ‘அலட்சியம்’ என்ற சொல் எங்கும் இல்லை. புகார் வந்த நேரம் 9.31, அழைப்பை முடித்த 9.47 இல்லை. நாளைக் காலை இந்தக் கோப்பைத் திறக்கப் போகிறவர் அந்தக் கடைக்காரரின் நடுங்கிய குரலைக் கேட்கப் போவதில்லை. அவருக்குத் தெரியப்போவது இந்தக் கட்டங்களில் இருப்பது மட்டும்தான்.